48 நிமிடப் படத்திலிருந்து 50 விநாடி டீசர்: முதலில் காதால் வெட்டுங்கள்

"அண்ணா, 48 நிமிடப் படம் ஒன்று முடித்துவிட்டோம். காரைநகர் வீட்டை விற்கக் கனடாவிலிருந்து வரும் மகன், கிணற்றை இறைக்க விடாத தாய், இதுதான் கதை. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் திரையிடல், பிறகு ரொறன்ரோ, பாரிஸ். நல்ல ஷொட் எல்லாம் சேர்த்து ஒரு நிமிட டீசர் வெட்டினேன், பார்த்தால் கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது. எங்கே பிழை? படத்தின் லிங்கும் டீசரின் லிங்கும் அனுப்பியிருக்கிறேன்."

தம்பி, இரண்டையும் பார்த்தேன். ஷொட்டுகளில் பிழையில்லை, அவற்றைத் தேர்ந்த விதத்தில்தான் பிழை. "எது அழகு" என்று தேடி எடுத்திருக்கிறீர்கள். பொன்னாலைப் பாலத்துக்கு மேலே ட்ரோன், கசூரினாக் கடற்கரையில் சூரியன் இறங்குவது, பனங்கூடல், அம்மா விளக்கு ஏற்றுவது, மகன் பஸ் யன்னலால் வெளியே பார்ப்பது. இவை எல்லாம் யாழ்ப்பாணத்தில் எடுத்த எந்தப் படத்திலும் இருக்கக்கூடிய ஷொட்டுகள். உங்கள் படத்தில் மட்டும் இருக்கும் விசயம் அந்தக் கிணறு. டீசரில் கிணறு வருவது ஒரே ஒரு தரம், அதுவும் கடைசி ஷொட்டில், அந்த ஷொட் என்ன செய்கிறது என்றால் வாளியில் என்ன வந்தது என்பதையே காட்டிவிடுகிறது! 48 நிமிடம் நீங்கள் பிடித்துவைத்த ஒன்றை 58ஆவது விநாடியில் விட்டுவிட்டீர்கள்.

ஆகவே வெட்டத் தொடங்க முன்னர் ஒரு வேலை. டீசர் முடியும்போது பார்த்தவர் மனதில் என்ன கேள்வி நிற்கவேண்டும் என்பதை ஒரு வசனமாக எழுதி, மொனிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்களுக்கு அது "இந்த அம்மா ஏன் கிணற்றை இறைக்க விடுகிறா இல்லை?" என்பதுதான். "தாய்க்கும் மகனுக்கும் இடையிலான பாசம்" என்று எழுதினால் அது கேள்வி அல்ல, கருப்பொருள். கருப்பொருளை வைத்து வெட்டினால் திரும்பவும் விளக்கு, கடற்கரை, வயலின் என்று அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். கேள்வி கையில் இருந்தால் ஒவ்வொரு ஷொட்டையும் கேட்டுப் பார்க்கலாம்: இது கேள்வியை எழுப்புகிறதா, இறுக்குகிறதா, அல்லது பதில் சொல்கிறதா? பதில் சொல்வது எவ்வளவு நல்ல ஷொட்டாக இருந்தாலும் வெளியே. மூன்றிலும் சேராமல் சும்மா நிற்பதும் வெளியே, பாலத்து ட்ரோன் உட்பட. அதை எடுக்க எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று தெரியும், ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாது.

படத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுப்பது என்பதற்கும் இதே கேள்விதான் விடை. கேள்வியை உண்டாக்கும் காட்சிகள் பெரும்பாலும் முதல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும், உங்கள் படத்தில் ஏறத்தாழ 16ஆவது நிமிடம் வரை. டீசரின் உடம்பு முழுவதும் அங்கிருந்து வரட்டும். அதற்குப் பிறகு வருவதில் இரண்டு மூன்று ஷொட் எடுக்கலாம், ஆனால் தனியாகப் பார்த்தால் பொருள் தெரியாதவையாக அவை இருக்கவேண்டும். கயிறு இறுகுவது, ஒருவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பது, இப்படி. மகன் அழும் ஷொட் அப்படியானதல்ல. அழுகை முதலில் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகுதான் பாரமாகும், தெரியாதவருக்கு அது யாரோ ஒருவர் அழுவது மட்டும்.

சரி, இப்போது எதை வைத்து வெட்டுவது. உங்கள் டீசரில் மூன்றாவது, ஏழாவது வெட்டுகளில் பின்னணி இசை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கிறது, பிறகு மேலே இன்னொரு பாட்டைப் போட்டு அதை மூட முயன்றிருக்கிறீர்கள். அதிலிருந்தே தெரிகிறது, யூடியூப்புக்காக எக்ஸ்போர்ட் பண்ணிய முடிந்த வீடியோவை எடுத்துத்தான் வெட்டியிருக்கிறீர்கள். பலரும் செய்வது இதுதான், கல்யாண வீடியோ வாடை வருவதற்குப் பாதிக் காரணமும் இதுதான். அந்தக் கோப்பில் பேச்சு, இசை, சத்தம் மூன்றும் ஒன்றாகக் கலந்துபோய் இருக்கிறது, இனிச் சுத்தமாகப் பிரிக்க ஏலாது. பேச்சு ஒன்றை எடுத்தால் அதனோடு அரைகுறை வயலினும் ஒட்டிக்கொண்டு வரும். அதை மறைக்கப் பேச்சையே விட்டுவிட்டு முழுதும் இசையால் நிரப்புவீர்கள், பேச்சில்லாமல் இசைக்கு ஷொட் ஓடினால் அது பாட்டு வீடியோதான்.

படத்தை எடிட் செய்த புரொஜெக்ட் இன்னும் இருந்தால் அதைத் திறந்து, முழுப் படத்தின் டைம்லைனையும் ஒரு பிரதி எடுத்து, இசை இருக்கும் ட்ராக்குகளை மியூட் பண்ணிவிட்டு அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். மூலத்தில் கை வைக்கவேண்டாம். மிக்ஸ் வேறோர் இடத்தில் செய்திருந்தால், மிக்ஸ் செய்தவரிடம் பேச்சு தனியாக, இசை தனியாக, மற்றச் சத்தங்கள் தனியாக மூன்று WAV கோப்புகள் கேளுங்கள். ஸ்டெம் என்று சொன்னால் அவருக்குப் புரியும். மூன்றும் படத்தின் முழு நீளத்துக்கும் ஒரே இடத்தில் தொடங்கவேண்டும், அப்போதுதான் டைம்லைனில் போட்டவுடன் வாய் அசைவோடு பொருந்தும். படத்துக்கு எழுத்துகள் இல்லாத, கலர் முடிந்த மாஸ்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, எக்ஸ்போர்ட் பண்ணிய வீடியோ மட்டும்தான் மிச்சம் என்று சிலர் எழுதுவார்கள். அப்படியென்றால் டாவின்சி ரிசால்வில் Scene Cut Detection என்று ஒன்று இருக்கிறது, அது முழு வீடியோவையும் பார்த்து ஒவ்வொரு வெட்டிலும் பிரித்துத் தரும். ஒரு ஷொட் இன்னொன்றுக்குள் மெல்லக் கரையும் இடங்களை அது தவறவிடும், மின்னல் அல்லது கமரா ஃபிளாஷ் வந்தால் இல்லாத வெட்டைக் காட்டும், ஆகவே ஒருதரம் கண்ணால் சரிபார்க்கவேண்டும். அதனாலும் இசையைப் பிரிக்க முடியாது. அந்த நிலையில் படத்தில் இசை இல்லாமல் பேசும் இடங்களை மட்டும் தேடி, அவற்றிலிருந்துதான் டீசரைக் கட்டவேண்டும். அது குறுக்கு வழி, உங்களிடம் புரொஜெக்ட் இருக்கும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். படத்தைத் தொடாதீர்கள். ஹெட்போனைப் போட்டு, மொனிட்டரை அணைத்துவிட்டு, படத்தைத் தொடக்கத்திலிருந்து காதால் மட்டும் கேளுங்கள். தனியாக எடுத்தாலும் விளங்கும் பேச்சுகளை நேரத்தோடு தாளில் குறியுங்கள். "தனியாக எடுத்தாலும்" என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. படம் பார்க்காத ஒருவருக்கு அந்த ஒரு வசனத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். யார் யாருக்குச் சொல்கிறார், ஏதோ சிக்கல் இருக்கிறது என்ற அளவுக்கு அவர் பிடித்துக்கொண்டால் போதும். நான் கேட்டபோது குறித்தவற்றில் நாலைச் சொல்கிறேன்.

6ஆவது நிமிடத்தில் மகன்: "இந்த மாசத்துக்குள்ள உறுதி எழுதிக் குடுத்திட்டு நான் போகவேணும் அம்மா." 9ஆவது நிமிடத்தில் வீடு பார்க்க வந்தவர், வேறெதையோ பார்த்துக்கொண்டு சாதாரணமாக: "கிணறு கடைசியா எப்ப இறைச்சது?" 12ஆவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பொடியன்: "ஆச்சி, அதுக்குள்ள என்ன கிடக்கு?" 15ஆவது நிமிடத்தில் அம்மா: "வீட்டை வித்துப்போட்டுப் போ. கிணத்தை விடு."

நீங்கள் டீசரில் வைத்திருந்தது இவற்றில் ஒன்றுமில்லை, 37ஆவது நிமிடத்தில் மகன் உடைந்துபோய்ச் சொல்லும் "ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்பது. படத்தில் அந்த வசனம் என்னை உலுக்கியது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் 36 நிமிடம் இருந்ததால்தான் உலுக்கியது. டீசரில் அது இரண்டு கெடுதல் செய்கிறது: அம்மா கடைசியில் சொல்லிவிடுவா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, பிறகு மண்டபத்தில் அந்த இடம் வரும்போது "ஓ, இது டீசரில் வந்தது" என்ற நினைப்பைக் கொண்டுவருகிறது. அம்மாவின் வசனத்தைப் பாருங்கள். வீட்டையே கொடுக்கச் சம்மதிப்பவ, கிணற்றைக் கொடுக்கமாட்டாவாம். ஐந்தே சொல்லில் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது. டீசர் அந்த வசனத்தை நோக்கி ஏறவேண்டும்.

பொடியனின் வசனத்தில் உங்களுக்கு ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் வைக்கவேண்டாம். பார்ப்பவர் தன் மனதுக்குள் கேட்கவேண்டிய கேள்வியைத் திரையில் ஒருவர் உரக்கக் கேட்டுவிட்டால் பார்ப்பவருக்கு வேலை இல்லாமல் போய்விடும். வீடு பார்க்க வந்தவரின் கேள்வி வேறு மாதிரி. அவர் ஒன்றும் அறியாமல் கேட்கிறார், காணி வாங்க வரும் எவரும் கேட்பதுதான். பதில் வராததால் மட்டும் அது பாரமாகிறது.

பேச்சுக்கு அடுத்தது சத்தம். உங்கள் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் துருப்பிடித்த கப்பி கிறீச்சிடுவது. அதை டீசரின் முதுகெலும்பாக வையுங்கள். சத்த ஸ்டெம்மிலிருந்து கப்பி, கயிறு, வாளி, தண்ணீர் மோட்டர், படலை திறப்பது இவற்றைத் தனித்தனியே எடுத்து வையுங்கள். கிணற்றடியில் ஆட்கள் இல்லாதபோது கேட்கும் வெறும் சூழல் சத்தம், அதாவது காகம், காற்று, தூரத்தில் மோட்டார் சைக்கிள், அதிலும் ஒரு நிமிட நீளத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வெவ்வேறு காட்சிகளிலிருந்து வெட்டிய பேச்சை அடுத்தடுத்து வைத்தால் ஒவ்வொரு பேச்சோடும் அதன் பின்னாலிருக்கும் சூழலும் திடீரென்று வந்து திடீரென்று போகும், ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரிந்துவிடும். அடியில் ஒரே சூழல் சத்தம் அறாமல் ஓடினால் ஒட்டு தெரியாது.

இனி டைம்லைனில் படம் இல்லாமல் சத்தத்தை மட்டும் 50 விநாடிக்கு அடுக்குங்கள். நான் அடுக்கினால் இப்படி வரும். தொடக்கத்திலேயே கப்பி ஒரு தரம் கிறீச்சிடுகிறது. இரண்டாவது விநாடியில் "கிணறு கடைசியா எப்ப இறைச்சது?" அதற்குப் பிறகு நாலு விநாடி ஒருவரும் பேசவில்லை, காகமும் காற்றும் மட்டும். அந்த நாலு விநாடியைக் குறைக்க உங்கள் கை துடிக்கும், குறைக்கவேண்டாம், பதில் வரவில்லை என்பது விளங்க அவ்வளவு நேரம் வேண்டும். 9ஆவது விநாடியில் படலை, சூட்கேஸ் உருளும் சத்தம், மகனின் "இந்த மாசத்துக்குள்ள" வசனம். 20ஆவது விநாடி அளவில் கப்பி திரும்பவும். மோட்டரை இழுத்து வருகிறார்கள், கயிற்றை இழுக்கும் சத்தம், மோட்டர் ஒரு தரம் இருமி நிற்கிறது, மறு தரம் பிடித்துக்கொள்கிறது. அந்த இரைச்சல் 30இலிருந்து 37 வரை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுகிறது. இரண்டு விநாடி முழு மௌனம். பிறகு அம்மா: "வீட்டை வித்துப்போட்டுப் போ." ஒரு மூச்சு. "கிணத்தை விடு." கயிறு இறுகும் சத்தம் ஒன்று. 45இல் படத்தின் பெயர், திகதி, இடம்.

மோட்டர் காட்சி படத்தில் அம்மாவின் வசனத்துக்குப் பிறகு 20ஆவது நிமிடத்தில் வருகிறது, டீசரில் முன்னால் வருகிறது. அதில் தப்பில்லை, டீசருக்குப் படத்தின் காலவரிசை தேவையில்லை. ஆனால் ஒரு எல்லை உண்டு. அம்மா மகனுக்குச் சொன்னதை வேறொருவருக்குச் சொன்னதாகத் தோன்றும்படி ஒட்டக்கூடாது. கிணற்றுக்குள் பேய் இருப்பதுபோல ஒரு படுபயங்கர டீசர் வெட்டவும் உங்கள் ஷொட்டுகளால் முடியும், அது இன்னும் கூடப் பேரை இழுக்கவும் செய்யும். வந்தவர்கள் பேயை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் மெதுவான முதல் இருபது நிமிடத்தை மன்னிக்கமாட்டார்கள். படத்தின் வேகம் என்னவோ அதன் மணம் டீசரிலும் இருக்கவேண்டும்.

சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும்போதே கதை பிடித்தால்தான் படத்தை வைக்கத் தொடங்குவது. இங்கே முதலில் விடவேண்டிய பழக்கம், பேசுபவரின் முகத்தைப் பேசும்போது காட்டுவது. "எப்ப இறைச்சது" என்ற கேள்வி வரும்போது திரையில் கப்பியில் கயிறு ஓடும் நெருக்கமான ஷொட் இருக்கட்டும், கேள்வி முடியும்போது அம்மாவின் முகத்துக்கு வெட்டுங்கள். கேட்டவரைக் காட்டவே தேவையில்லை. மகன் உறுதி எழுதுவது பற்றிப் பேசும்போது சூட்கேஸ் முற்றத்தில் நிற்பதும், பின்னால் கிணற்றுக்கட்டும் ஒரே சட்டத்தில் தெரியும் ஷொட் உங்களிடம் இருக்கிறது, 5ஆவது நிமிடத்தில். அதுதான் அந்த இடத்துக்கு. பேச்சு ஒன்றைச் சொல்ல, படம் இன்னொன்றைச் சொல்ல, ஒரே நேரத்தில் இரண்டு செய்தி போகும். 50 விநாடிக்குள் ஒரு வீட்டையும் ஒரு சண்டையையும் அடக்க இதைவிட வழியில்லை.

அம்மாவின் முகத்துக்கு எந்த ஷொட் எடுப்பது என்பதில் கவனம். நீங்கள் அவ கண்கலங்கி நிற்கும் ஷொட்டை எடுத்திருக்கிறீர்கள். நான் எடுப்பது 9ஆவது நிமிடத்தில் அவ ஒன்றுமே காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஷொட். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்னர் செய்ததாகச் சொல்லப்படும் பரிசோதனை இதற்குத்தான். ஒரே நடிகரின் ஒரே முகத்தை ஒரு தரம் சூப் கோப்பைக்குப் பக்கத்திலும், ஒரு தரம் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், இன்னொரு தரம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வெட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறு உணர்ச்சியை அதே முகத்தில் கண்டார்கள். முகம் சும்மா இருந்தால் பக்கத்து ஷொட் அதற்குள் பொருளை ஊற்றும். கிணற்றுக்கும் அந்த மௌனத்துக்கும் நடுவில் வெறும் முகத்தை வைத்தால் பார்ப்பவரே பயம், குற்ற உணர்ச்சி, பிடிவாதம் என்று தேடத் தொடங்குவார். அழும் முகத்தில் தேட ஒன்றுமில்லை.

ஷொட்டின் நீளத்துக்கு நான் கணக்கு வைப்பதில்லை, ஆனால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த ஷொட்டுகள் எல்லாம் பழகியவை, அரை விநாடியில் அடையாளம் காண்பீர்கள், முதன்முதல் பார்ப்பவருக்கு ஒரு ஷொட்டில் என்ன இருக்கிறது என்று பிடிபடவே ஒரு விநாடிக்கு மேல் வேண்டும். மோட்டர் இரைச்சல் ஏறும் இடத்தில் மட்டும் வேகமாக வெட்டலாம், அங்கே விளங்கவேண்டியது அவசரம்தான். மற்ற இடங்களில் மூச்சு விடுங்கள். ஒவ்வொரு ஷொட்டுக்கும் நடுவில் கறுப்புக்குப் போய் வருவதையும் எடுத்துவிடுங்கள். இப்போது பன்னிரண்டு கறுப்பு இருக்கிறது, பன்னிரண்டுக்கும் ஒரு பாரமும் இல்லை. மோட்டர் நின்றபின் வரும் இரண்டு விநாடி மௌனத்துக்கு மட்டும் கறுப்பு வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

தொடக்கத்தில் தயாரிப்பு லோகோ ஏழு விநாடி ஓடுகிறது. போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் அந்த ஏழு விநாடிக்கு நிற்கமாட்டார். கடைசிக்குக் கொண்டுபோய், படத்தின் பெயர் வரும் அட்டையில் சின்னதாக வையுங்கள்.

இசையைப் பற்றி. நீங்கள் மேலே போட்டிருக்கும் அந்தச் சென்னைப் படத்துப் பின்னணி இசையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். யூடியூப்பின் Content ID அதைக் கண்டுபிடிக்கும், உரிமையாளர் விரும்பினால் சில நாடுகளில் மட்டும் வீடியோவை மறைக்கவும் முடியும். கனடாவிலும் பிரான்சிலும் திரையிடப் போகிறவருக்கு அது நேரே வயிற்றில் அடி. உங்கள் சொந்த இசையமைப்பாளரிடமும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை எழுத்தில் வாங்குங்கள், படத்துக்கு மட்டும் என்று பேசியிருக்கலாம். ஆனால் அவருடைய கடைசிக் காட்சி வயலினை டீசரில் வைக்கவேண்டாம். அது முதன்முதல் மண்டபத்தில்தான் கேட்கவேண்டும். என்னைக் கேட்டால் இந்த டீசருக்கு இசையே தேவையில்லை, கப்பியும் மோட்டரும் போதும். பெயர் வரும் இடத்தில் ஒரே ஒரு நீண்ட சுரம் வைக்கலாம்.

படத்துக்குச் செய்த மிக்ஸ் டீசருக்கு அப்படியே சரிவராது. மண்டபத்துக்காகச் செய்த மிக்ஸில் பேச்சு தாழ்வாகவும் இரைச்சல் மிக உயரமாகவும் இருக்கும், போனில் பேச்சே கேட்காது. LUFS என்பது காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு. யூடியூப் ஏறத்தாழ -14 LUFS அளவுக்கு மேலே சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடும், அதைவிடத் தாழ்வாக இருப்பதை உயர்த்தாது. ஆகவே டீசர் முழுவதும் அந்த அளவை ஒட்டியும், உச்சம் -1 dB ஐத் தாண்டாமலும் வையுங்கள். முழுவதையும் நசுக்கி உயர்த்தினால் மோட்டர் நிற்கும்போது வரும் மௌனம் மௌனமாக இருக்காது, ஆகவே பேச்சை மட்டும் தனியாக உயர்த்தி, மோட்டரைக் கொஞ்சம் இறக்கி அந்த அளவுக்கு வாருங்கள். ஸ்டெம் தனித்தனியே இருப்பதால்தான் இது முடியும். இன்னொன்று, கிணற்றுக்குள்ளிருந்து வரும் அந்த "உம்ம்" என்ற ஆழமான அதிர்வை நீங்கள் நல்ல ஸ்பீக்கரில் கேட்டு வைத்திருக்கிறீர்கள். போன் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட 200 Hz க்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, ஆகவே உங்கள் டீசரைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த அதிர்வே இல்லை. கப்பியின் கிறீச்சு அப்படியல்ல, எந்த மலிவுப் போனிலும் கேட்கும்.

படமும் அப்படித்தான். கிணற்றுக்குள் பார்க்கும் ஷொட் இருண்ட அறையில் அருமை, மத்தியான வெயிலில் பஸ் தரிப்பில் நின்று போனில் பார்ப்பவருக்கு வெறும் கறுப்பு. அந்த இரண்டு மூன்று ஷொட்டுக்கு மட்டும் டீசரில் நடுவெளிச்சத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், படத்தில் தொடவேண்டாம்.

கடைசி அட்டையில் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் டீசரில் "காரைநகர்" என்பதில் "ரை" உடைந்திருக்கிறது, ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கிறது. எடிட் மென்பொருள் சிலவற்றில் கொம்பும் ஒற்றைக்கொம்பும் இப்படி இடம் மாறும், அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருந்தால் அதைப் போட்டால் சரிவரும். அதற்கும் சரிவராவிட்டால் எழுத்தை வேறொரு மென்பொருளில் அடித்து, பின்னணி இல்லாத PNG ஆக எடுத்துவந்து மேலே வையுங்கள், அது ஒருபோதும் உடையாது. பெயர், திகதி, நேரம், இடம் நாலும் இரண்டு தரம் வாசிக்கக்கூடிய நேரம் நிற்கவேண்டும், ஐந்து விநாடிக்குக் குறையவேண்டாம். ரொறன்ரோ, பாரிஸ் திகதிகளை இதே அட்டையில் திணிக்காமல் ஊருக்கு ஒரு அட்டையாக மூன்று பதிப்பு எக்ஸ்போர்ட் பண்ணுங்கள், அங்குள்ள பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சப்டைட்டில் போட்டு.

வெட்டி முடிந்ததும் படக்குழுவில் ஒருவருக்கும் காட்டவேண்டாம், அவர்களுக்குக் கதை தெரியும், விடுபட்டதை மனதால் நிரப்பிக்கொள்வார்கள். படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலைந்து பேருக்கு, அவர்களுடைய போனிலேயே, ஒரு தரம் மட்டும் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "என்ன நடக்குது?" என்று கேளுங்கள், பிறகு "என்ன தெரியவேணும்போல இருக்கு?" என்று கேளுங்கள். முதலாவதுக்கு "வீட்டை விக்கப் பார்க்கினம், தாய் விடுறா இல்லை" என்ற அளவில் பதில் வந்தால் போதும். அது வராவிட்டால் முதல் இருபது விநாடியில் தெளிவில்லை, பெரும்பாலும் மகனின் வசனம் கேட்கவில்லை என்று பொருள். இரண்டாவதுக்கு "கிணத்துக்குள்ள என்ன?" என்று வந்தால் வேலை முடிந்தது. "கிணத்துக்குள்ள இன்னதுதானே" என்று சரியாகச் சொல்லிவிட்டால் எங்கோ பதிலைக் காட்டிவிட்டீர்கள், பின்பாதியிலிருந்து எடுத்த ஷொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பக் காட்டுங்கள், ஆனால் வேறு ஆட்களுக்கு.

நிமிர்ந்த போனுக்கு 1080க்கு 1920 அளவில் ஒன்று வேண்டுமென்றால் முடிந்த டீசரின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கவேண்டாம். சூட்கேஸும் கிணற்றுக்கட்டும் இருக்கும் அந்த ஷொட்டில் இரண்டில் ஒன்று வெளியே போய்விடும், அதோடு அந்த ஷொட்டின் வேலையும் போய்விடும். ஒவ்வொரு ஷொட்டையும் தனித்தனியே நகர்த்திப் பாருங்கள், பொருந்தாத ஷொட்டுக்குப் பதில் வேறு ஷொட் போடுங்கள். அந்த இடத்தில் மட்டும் சூட்கேஸை இரண்டு விநாடி, பிறகு கிணற்றை இரண்டு விநாடி என்று பிரித்து வைத்தாலும் சரிவரும். சப்டைட்டிலைக் கீழ் ஓரத்தில் விடாமல் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், அங்கே பெயரும் பொத்தான்களும் வந்து மூடிவிடும்.

பொடியனின் "ஆச்சி, அதுக்குள்ள என்ன கிடக்கு?" வீணாகாது. திரையிடலுக்கு முந்திய கிழமை, டீசரை ஏற்கெனவே பார்த்தவர்களுக்காக, அந்த ஒரு கேள்வியையும் அம்மா பதில் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போவதையும் மட்டும் வைத்துப் பதினைந்து விநாடித் துண்டு ஒன்று போடுங்கள். அப்போது அவர்களும் அதே கேள்வியோடுதான் இருப்பார்கள்.